நடுவில் வைத்த குவியல்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது எங்கள் சிற்றூர். சீட்டுக்கட்டு என்னும் பெயரைச் சொல்லவும் எங்கள் வீட்டில் இடமில்லை. ஆதலின், பலர் சீட்டுகளைக்கொண்டு செய்யும் வித்தையொன்றை யான் தீப்பெட்டிப் படங்களைக்கொண்டு கற்கலானேன். கற்பித்தவர் என் சித்தப்பா. எட்டு வயதிலேயே பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனவர். பெட்டியின் மேல் ஒட்டும் படங்களில் ஒன்றுக்கொன்று வேறான 21 படங்களைச் சேர்த்து, ஒரு தகரப் பெட்டியில் காத்து வைத்திருந்தார்.

வித்தை இதுதான். படங்களுள் ஒன்றை நாம் மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் கட்டைப் படம் கீழ்நோக்கக் கையிற் பிடித்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, இடமிருந்து வலமாக மூன்று குவியல்களாக இட்டு வருவார். குவியலுக்கு ஏழு படங்கள். நினைத்த படம் எந்தக் குவியலில் உள்ளது என்று மட்டும் நாம் காட்டவேண்டும். அக்குவியலை மற்ற இரண்டிற்கும் நடுவில் வைத்துக் கட்டுவார். இவ்வாறு மும்முறை செய்தபின், மேலிருந்து எண்ணிப் பதினோராம் படத்தை எடுத்துக் காட்டுவார். அது நாம் நினைத்த படமாகவே இருக்கும். காரணம் கேட்டால், “நடுவிலே வை தம்பி; அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்பார்.

கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இவ்வித்தையைக் கணித நூலொன்றிற் கண்டு வியப்புற்றேன். ஜெர்கோன் என்னும் பிரெஞ்சுக் கணிதப் பேராசிரியர், 1810ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய கணித ஏட்டில், 27 சீட்டுகளைக்கொண்டு இதனை ஆராய்ந்திருக்கிறார். அவர் முறைப்படி, நினைத்த சீட்டைப் பதினான்காம் இடத்திற்கு மட்டுமன்று, நாம் விரும்பும் எவ்விடத்திற்கும் கொண்டுவரலாம். காட்டிய குவியலை ஒருமுறை மேலும், ஒருமுறை நடுவும், ஒருமுறை அடியுமாக மாற்றி வைப்பதிலேயே அந்தச் சூட்சுமம் இருக்கிறது.

இதனை அரைகுறையாக அறிந்துகொண்ட யான், விடுமுறைக்கு ஊர் வந்ததும் சித்தப்பாவின் 21 படங்களை எடுத்துத் தனியே சோதித்தேன். காட்டிய குவியலை முதலில் மேலும், பின்னர் இருமுறை நடுவிலும் வைத்தால், நினைத்த படம் பத்தாவதாக வந்தது. ஐந்து முறை செய்தேன்; ஐந்திலும் பத்தாவதே. விதி அகப்பட்டுவிட்டது என்று இறுமாந்தேன்.

அன்று மாலை திண்ணையில் அண்டை வீட்டாரும் கூடியிருந்தனர். “சித்தப்பா, உங்கள் படத்தைப் பதினொன்றில் அன்று, பத்தில் வருவிக்கிறேன்” என்றேன். அவர் ஒரு படத்தை நினைத்தார். மும்முறை இட்டுப் பத்தாவதைத் திருப்பினேன். அவர் தலையசைத்தார். பிறகு தாமே கை நீட்டி அடுத்த படத்தைத் திருப்பினார். அதுவே அவர் நினைத்தது. கூடியிருந்தோர் நகைத்தனர், அவர் நகைக்கவில்லை. “படிக்காதவன் விதி ஒருநாளும் தப்பினதில்லையே, படித்தவன் விதி ஏன் தப்பிற்று?” என்று மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து, குவியலின் ஏழு படங்களுக்கும் தனித்தனியே வழி வகுத்துப் பார்த்தேன். முதலில் சித்தப்பாவின் விதி. குவியலை நடுவில் வைத்தால், நினைத்த படம் 8 முதல் 14 வரையுள்ள ஏதோ ஓரிடத்தில் நிற்கும். மறுபடி இடும்போது மும்மூன்றாக வரிசைகள் அமைகின்றன. 8, 9 ஆம் படங்கள் மூன்றாம் வரிசையிலும், 10, 11, 12 நான்காம் வரிசையிலும், 13, 14 ஐந்தாம் வரிசையிலும் விழும். ஆகவே நினைத்த படம் தன் குவியலில் மூன்றாவதாகவோ, நான்காவதாகவோ, ஐந்தாவதாகவோ இருக்கும். அக்குவியலை நடுவில் வைத்ததும் அதன் இடம் 10, 11, 12 என்ற மூன்றுக்குள் ஒடுங்குகிறது. மூன்றாம் முறை இடுகையில் இம்மூன்றும் ஒரே வரிசையில், அதாவது நான்காம் வரிசையில் விழுகின்றன. மேலே ஒரு குவியலின் ஏழு, தன் குவியலில் நான்கு, ஆகப் பதினொன்று. ஏழு படங்களுள் ஒன்றேனும் தப்பவில்லை.

பிறகு என் விதி. முதலில் மேலே வைத்தால் அப்படம் 1 முதல் 7 வரையுள்ள இடங்களில் நிற்கும். முதல் ஆறும் முதலிரண்டு வரிசைகளில் அடங்கிவிடுகின்றன. ஏழாவது மட்டும் தனியே மூன்றாம் வரிசைக்குப் போய்விடுகிறது. நடுவில் வைத்தபின், ஆறு படங்களுக்கு இடம் 8 அல்லது 9, ஏழாவதற்கு 10. அடுத்த முறை இடுகையில் 8, 9 மூன்றாம் வரிசையில் விழுந்து பத்தாம் இடத்தை அடைகின்றன. 10 நான்காம் வரிசையில் விழுந்து பதினோராம் இடத்தை அடைகிறது. சித்தப்பா நினைத்தது முதற்குவியலின் கடைசிப் படம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஏழில் ஆறு முறை மெய்யாகும் விதியை யான் ஐந்து முறை சோதித்து முழுமெய் என நம்பிவிட்டேன்.

பிழையின் வேர் 21 என்னும் எண்ணிலேயே இருந்தது. குவியலுக்கு ஏழு என்றால், ஏழு மூன்றால் மீதியின்றி வகுபடாது. எஞ்சும் ஒன்று வரிசை தாண்டிவிடுகிறது. முழுவதும் நடுவில் வைக்கும்போது மீதி இருபுறமும் ஒத்து நிற்பதால் தீங்கில்லை. 27 படங்களாயின் குவியலுக்கு ஒன்பது. ஒன்பதில் மூன்று, மூன்றில் ஒன்று என மீதியே எழாது. அங்கே மூன்றை அடியாகக் கொண்ட எண்முறை பிசகின்றி நடக்கிறது.

பதினாறாம் இடம் வேண்டுமென்போம். நினைத்த படத்திற்கு மேலே 15 படங்கள் நிற்கவேண்டும். 15 என்பது ஓர் ஒன்பது, இரண்டு மூன்று, ஒன்றுகள் இல்லை. மூன்றின் முறைப்படி 120. இதனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சுழியம் என்றால் மேலே, ஒன்று என்றால் நடுவில், இரண்டு என்றால் அடியில். ஆகவே முதன்முறை குவியலை மேலே வைக்க, படம் 1 முதல் 9க்குள் நிற்கும். இரண்டாம் முறை அடியில் வைக்க, 19, 20, 21 என்ற மூன்றுக்குள் வரும். அம்மூன்றும் அடுத்து ஏழாம் வரிசையில் ஒருங்கே விழும். மூன்றாம் முறை நடுவில் வைக்க, மேலே ஒன்பது, தன் குவியலில் ஏழு, ஆகப் பதினாறு. கடைசியில் வைத்த குவியலின் மதிப்பு ஒன்பதாகவே நிற்கிறது. அதற்கு முன்னது ஒருமுறை மூன்றால் வகுபட்டு மூன்றாகிறது. முதலாவது இருமுறை வகுபட்டு ஒன்றாகிறது. வலமிருந்து படிப்பதன் காரணம் இதுவே.

செய்வோர் ஒன்றை மட்டும் மறத்தலாகாது. ஒவ்வொரு குவியலையும் கீழ்நோக்கத் திருப்பியபின், முதலில் இட்ட படம் அதன் உச்சியில் இருத்தல் வேண்டும். சித்தப்பாவின் விதியில் வரிசை தலைகீழானாலும் கேடில்லை. ஏனெனில் பதினொன்று இருபுறமிருந்தும் பதினொன்றே. ஜெர்கோனின் முறையிலோ, அவ்வாறு தலைகீழானால் கணக்கு முழுதும் கெட்டுவிடும்.

விடிந்ததும் படங்களைத் திண்ணையில் பரப்பி, ஏழு படங்களின் வழியையும் சித்தப்பாவுக்குக் காட்டினேன். கடைசிப் படம் வரிசை தாண்டும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “ஆக, நடுவிலே வைத்தது சரிதான்” என்றார். நாற்பதாண்டுகளாக அறியாமலே காத்து வந்த விதியின் காரணத்தை அன்று அவர் தமதாக்கிக்கொண்டார்.

மாலையில் வேலை முடிந்து வந்தவர், சட்டைப்பையிலிருந்து புதிய படங்களை எடுத்து என் கையில் வைத்தார். எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தன.