டிகாஷனின் கனம்

நல்ல காபியைக் ‘கள்ளிச்சொட்டு’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மணத்துக்கோ கசப்புக்கோ கிடைக்கும் பாராட்டு அல்ல அது. வாயில் காபி எவ்வளவு கனமாக இறங்குகிறது என்பதற்குக் கிடைப்பது. இந்தக் கனத்தை மூன்று பொருள்கள் சேர்ந்து தருகின்றன: தண்ணீரில் கரைந்தவை, கொட்டையின் எண்ணெய், கரையாமல் மிதக்கும் தூசுப்பொடி. மூன்றையும் வீட்டிலேயே பிரித்து ருசி பார்க்கலாம். தேவையானது நம் பில்டரும் ஒரு காகித வடிகட்டியும்தான்.

சிக்கரி கலக்காத பொடி 30 கிராம் போட்டு 150 மில்லி கொதிநீர் ஊற்றினால், பொடி தன் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இறங்குவது 90 மில்லி அளவு. பொடியில் ஐந்தில் ஒரு பங்கு கரைகிறது என்று வைத்தால் 6 கிராம். சக்கையில் தங்குவதைக் கழித்தால், டிகாஷனில் ஏறக்குறைய 5 சதவீதம் கரைந்த பொருள் இருக்கும். காகிதத்தில் வடித்து அப்படியே குடிக்கும் காபியில் இது ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டியும், எஸ்பிரஸ்ஸோவில் பத்து சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். கரைந்தவற்றில் கனம் தருபவை முக்கியமாகக் கொட்டையின் செல்சுவரிலிருந்து வரும் நீண்ட சர்க்கரைத் தொடர்களும், வறுபடும்போது உண்டாகும் பழுப்புப் பொருள்களும்.

இனி டிகாஷனை மூன்று டம்ளர்களில் சமமாகப் பிரித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். முதல் டம்ளரை நன்றாகக் கலக்கிவிடுங்கள். இரண்டாவதில் மண்டியைக் கலக்காமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த காகிதத்தில் வடியுங்கள். ஒவ்வொன்றிலும் 20 மில்லி எடுத்து, அதே அளவு வெந்நீர் சேருங்கள். பால் வேண்டாம். பாலின் கொழுப்பும் புரதமும் காபியின் கனத்தை மூடிவிடும், துவர்ப்பையும் அடக்கிவிடும்.

ஒரு வாய் எடுத்ததும் விழுங்கிவிடாமல் நாக்கை அண்ணத்தோடு அழுத்திப் பாருங்கள். விழுங்கிய பிறகு வாயில் என்ன மிச்சம் இருக்கிறது என்றும் கவனியுங்கள். காகிதத்தில் வடித்ததில் கசப்பும் புளிப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் தொண்டையைத் தாண்டியதும் வாய் துடைத்தாற்போல் ஆகிவிடும். அதை நான் ‘மெல்லிசு’ என்பேன், ‘நீர்த்தது’ என்று சொல்லமாட்டேன். நீர்த்த காபியில் கரைந்த பொருளே குறைவு. இறுத்த டம்ளரின் மேற்பரப்பில் லேசாக எண்ணெய் மினுங்கும். விழுங்கிய பிறகும் நாக்கில் ஒரு வழவழப்பு தங்கி, மணத்தையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். காகிதம் பறித்துக்கொண்டது இந்த எண்ணெயைத்தான். கொழுப்புச்சத்து பார்க்கிறவர்களுக்கு அது நல்லதும்கூட. ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் கஃபெஸ்டால் இந்த எண்ணெயோடுதான் வருகிறது.

கலக்கிய டம்ளர்தான் மூன்றிலும் கனம். கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தனித்தனியாக உணர நாக்கால் முடியாது. அவை கூடிக் கெட்டித்தன்மையாகவே படும். துருக்கிக் காபியின் கனத்தில் பெரும்பங்கு இவற்றுடையது. சற்றே பெரிய துகள்கள் நறநறக்கும். கடைசி வாயில் மண்டி ஏறி, நாக்கு வறண்டு துவர்க்கும். வறுத்த கொட்டை எளிதில் நொறுங்குவதால், எவ்வளவு நல்ல மெஷினில் அரைத்தாலும் தூசு கொஞ்சம் விழத்தான் செய்யும். பில்டரில் அதைத் தடுப்பது அடித்தட்டின் ஓட்டைகளைவிட மேலே படிந்திருக்கும் பொடிப் படுகைதான். அதனால்தான் சீக்கிரம் இறங்கட்டும் என்று பில்டரைத் தட்டினால் படுகை குலைந்து டிகாஷன் கலங்குகிறது. பொடி மிக நைசாக இருந்து அழுத்தியும் விட்டால், தூசு வழியை அடைத்துச் சொட்டே விழாது.

எண்ணெயை மட்டும் கனத்துக்குக் காரணமாகச் சொல்வது தவறு. வறுத்த அராபிகாவில் எண்ணெய் சுமார் 15 சதவீதம், ரோபஸ்டாவில் 10 சதவீதம்தான். ஆனாலும் வாயில் கனமாக இறங்குவது பெரும்பாலும் ரோபஸ்டாதான், அதில் கரைவது அதிகம். சிக்கரி இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் எண்ணெய் மிகக் குறைவு, ஆனால் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும். கறுப்பாக, கெட்டியாக, கருகிய வெல்லத்தின் இனிப்போடு வாயை நிரப்பும். விழுங்கினால் மணம் நிற்காது. சட்டம் 49 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிடவும் சொல்கிறது.

பொடிக்கடையில் ‘திக்கா வேணும்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிக்கரியைத்தான் கூட்டிக் கொடுப்பார்கள். ‘குடிச்ச பிறகும் வாயில நிக்கணும், அடியில மண்டி வரக்கூடாது’ என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் சிக்கரியைக் குறைத்து, கொஞ்சம் ரோபஸ்டா சேர்த்து, ஒரு சுற்று கரகரப்பாக அரைத்துத் தருவார்.