வேலை இல்லை என்று சொன்ன பெண்களும் வினாநிரலின் இரண்டாம் வடிவமும்

முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்னாய்வு பற்றிய பகுதி பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. 'முன்னாய்வு நடத்தப்பட்டது, அதன் அடிப்படையில் வினாநிரல் திருத்தப்பட்டது' என்ற இரண்டு வாக்கியங்களே பல ஆய்வேடுகளில் இருக்கின்றன. எந்த வினா எதனால் மாறியது என்பது அங்கே இராது. என் முன்னாய்வு அறிக்கையை நெறியாளரிடம் கடந்த வாரம் ஒப்படைத்தேன். அதிலுள்ள மூன்று திருத்தங்களை, களத்திற்குச் செல்லவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்காக இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் ஆய்வு சூரத் நகரில் வீட்டிலிருந்தபடியே புடவை வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. அச்சிட்ட செயற்கை இழைப் புடவைகள் கட்டுக்கட்டாக வீடுகளுக்கு வருகின்றன. பெண்கள் அவற்றில் கல் ஒட்டுகிறார்கள், ஓரப்பட்டி தைக்கிறார்கள், நூல் பிசிறுகளை வெட்டுகிறார்கள். கூலி புடவைக் கணக்கில். குஜராத்தி, மராத்தி, ஒடியா பேசும் குடும்பங்கள் கலந்து வாழும் பகுதி என்பதால் வினாநிரலை இந்தியிலும் குஜராத்தியிலும் அமைத்திருந்தோம். முன்னாய்வில் 24 பெண்களைச் சந்தித்தோம். அவர்கள் முதன்மை ஆய்வின் மாதிரியில் இடம்பெற மாட்டார்கள்.

முதல் திருத்தம் ஏழாவது வினாவில். 'நீங்கள் வேலை செய்கிறீர்களா?' என்பது அதன் முதல் வடிவம். 'இல்லை' என்றால் முப்பத்தோராம் வினாவுக்குத் தாவ வேண்டும். மடியில் புடவையை விரித்துக் கல் ஒட்டிக்கொண்டே பெண்கள், 'இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்' என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் 'காம்' என்றால் காலையில் வெளியே போய் மாலையில் திரும்புவது. நம் ஊர்ப் பெண்கள் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால், கூலி, வேலை நேரம், உடல் வலி பற்றிய வினாக்கள் அனைத்தும் தாண்டப்பட்டுவிடும்.

இத்தகைய பிழையை மேசையில் இருந்தபடியும் கண்டுபிடிக்கலாம். நிரப்பிய படிவங்களை அடுக்கிவைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் நடுப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நேர்காணல் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்திருந்ததால், மிகக் குறுகிய நேர்காணல்கள் எல்லாம் ஏழாம் வினாவில் 'இல்லை' பெற்றவையே என்பதும் தெரிந்தது.

இது புதிய சிக்கல் அன்று. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடந்த ஆண்டில் வேலை செய்தீர்களா என்ற வினாவோடு, நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த உழைப்பும் சேரும் என்ற விளக்கம் இணைக்கப்பட்டது. தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புச் சுற்றுகளில், வீட்டு வேலை மட்டும் செய்வோருக்கு 92 என்ற குறியீடும், வீட்டு வேலையோடு விறகு சேகரித்தல், வீட்டு உபயோகத்துக்கான தையல் போன்றவற்றையும் செய்வோருக்கு 93 என்ற குறியீடும் உண்டு. அவர்களிடம் தொடர்வினாக்களும் கேட்கப்பட்டன. எங்கள் ஏழாம் வினா இப்போது மூன்றாகப் பிரிந்துள்ளது. கடந்த ஏழு நாட்களில் வீட்டுக்குப் புடவைக் கட்டு வந்ததா? அதில் யார் யார் கை வைத்தார்கள்? நீங்கள் என்ன செய்தீர்கள்? 'வேலை' என்ற சொல்லே அவற்றில் இல்லை. தாவும் கட்டளையும் நீக்கப்பட்டது. இரண்டாம் வடிவத்தோடு மீண்டும் சென்றபோது, முன்பு 'இல்லை' என்ற வீடுகளிலும் நடுப் பக்கங்கள் நிரம்பின.

இரண்டாம் திருத்தம் வருமானம் பற்றியது. 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்ற வினாவுக்கு எல்லாரும் விடை சொன்னார்கள். சொன்னவை யாவும் முழு எண்கள். ஆயிரத்திலும் ஐந்நூறிலும் வந்து நிற்கும் விடைகள் மட்டுமே குவிந்தால், அவை நினைவிலிருந்து எடுத்தவை அல்ல, அந்த நொடியில் மதிப்பிட்டவை என்று ஐயுற வேண்டும். மாதம் என்ற அளவே இந்தத் தொழிலில் இல்லை. கட்டு முடிந்து திருப்பித் தந்தபின், சில நாள் கழித்து, கறை பட்ட புடவைக்குப் பிடித்தம் போகப் பணம் வருகிறது.

ஆகவே கால அளவை விட்டு, கடைசியாக முடித்துத் தந்த ஒரு கட்டை அலகாகக் கொண்டோம். அதில் எத்தனை புடவைகள், புடவைக்கு என்ன கூலி, எத்தனை நாள் பிடித்தது, பிடித்தம் எவ்வளவு, பசையும் நூலும் யார் செலவு, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் உதவினார்களா என்று வரிசையாகக் கேட்டோம். பலர் கூலி எழுதிவைக்கும் சிறு நோட்டை எடுத்துவந்து காட்டினார்கள். மாத வருமானம் என்று கேட்டபோது அந்த நோட்டு வெளியே வரவில்லை. விடையை எங்கே தேட வேண்டும் என்பதை வினாவே பதிலளிப்பவருக்குக் காட்டுகிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

மூன்றாம் திருத்தம் மனநிறைவு அளவுகோலில். ஐந்து புள்ளி அளவில் பத்துக் கூற்றுகள் இருந்தன. 'வேலை தருபவர் நியாயமான கூலி தருகிறார்' என்பது ஒன்று. 'என் உழைப்புக்கேற்ற கூலி கிடைப்பதில்லை' என்பது மற்றொன்று. பெரும்பாலோர் இரண்டுக்குமே 'டீக் ஹை' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு 'நல்லது', 'பரவாயில்லை', 'போதும், அடுத்ததைக் கேள்' என்ற மூன்று பொருளும் உண்டு. எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிக் கணக்கிட்டதும் கிரோன்பாக் ஆல்ஃபா மிகவும் தாழ்ந்தது. திருப்பாமல் விட்டால் அது உயர்ந்து காட்டும். ஆனால் அந்த உயர்வு அளப்பது மனநிறைவை அன்று, எதற்கும் இசையும் பழக்கத்தை. 24 பேரிடம் கணக்கிட்ட ஆல்ஃபாவே நிலையற்றது என்பதால், அந்த எண்ணைக் கொண்டு முடிவெடுக்கவில்லை. முரண்பட்ட இணைகளைக் கொண்டே முடிவெடுத்தோம்.

கூற்றுகளுக்குப் பதிலாக இப்போது நிகழ்வுகளைக் கேட்கிறோம். கடந்த ஓராண்டில் கூலியை உயர்த்தக் கேட்டீர்களா? என்ன நடந்தது? கேட்கவில்லை என்றால் ஏன்? ஒரு பெண், 'கேட்டால் அடுத்த கட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும், பென்' என்றார். ஐந்து புள்ளி அளவில் இந்த விடைக்கு இடமே இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: அதே அளவுகோலைப் பயன்படுத்திய பிற ஆய்வுகளோடு என் முடிவுகளை இனி நேராக ஒப்பிட முடியாது. அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதியிருக்கிறேன்.

வரையறைகளும் உள்ளன. முன்னாய்வு நடந்தது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். கட்டுகள் ஓயாமல் வரும் காலம் அது. கடைசிக் கட்டின் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கினால் ஆண்டு வருமானம் மிகையாகும். கட்டு வராத மாதங்கள் எவை என்ற வினாவைச் சேர்த்துள்ளோம். எனினும் ஆண்டு வருமானத்தை இந்தக் கருவி தராது, ஒரு கட்டின் கணக்கை மட்டுமே தரும்.

வீட்டிலிருந்து உழைப்போருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. இப்பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணே வாதத்துக்குரியதாக இருக்கும் நிலையில், முதல் வடிவத்தோடு சென்றிருந்தால் என் ஆய்வும் அவர்களில் பாதிப்பேரை 'வேலையற்றோர்' என்றே பதிந்திருக்கும்.

அறிக்கையின் பின்னிணைப்பில் பழைய வினா, களத்தில் நிகழ்ந்தது, புதிய வினா, இழந்தது என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை உள்ளது. உங்கள் முன்னாய்விலும் நான்காம் பத்தியை விட்டுவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.