தூங்காத பிள்ளையின் பாய்

மதுராந்தகத்தில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில் நடந்த முழுநாள் குழந்தைகள் காப்பகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். காலை ஆறரைக்கு முதல் பிள்ளை வரும். மாலை ஆறரைக்குக் கடைசிப் பிள்ளை போகும். இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எங்களுக்கென்று இருந்தது மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரைதான். நானும் கூட வேலை பார்த்த அக்காவும் அப்போதுதான் சாப்பிடுவோம், பாத்திரம் கழுவுவோம், ஈரத் துணிகளைக் காயப்போடுவோம், பதிவேடு எழுதுவோம். ஒன்றுக்குப் போவதுகூட அப்போதுதான். பதினெட்டுப் பிள்ளைகளும் தூங்கினால்தான் எங்களுக்குச் சோறு.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மதியத் தூக்கம் பிள்ளைக்கு நல்லது" என்று நாங்கள் அம்மாக்களிடம் சொன்னதில் பாதிதான் பிள்ளைக்காக. மீதி எங்கள் வயிற்றுக்காக.

நானும் அப்படித் தூங்கவைக்கப்பட்டவள்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. பால்வாடியில் சோறு தின்றதும் வரிசையாகப் படுக்கவைப்பார்கள். கண்ணைத் திறந்தால் பூச்சாண்டி வருவான். நான் கண்ணை மூடிக்கொண்டு, இமைக்குள் தெரிகிற சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அது தூக்கமில்லை என்று அந்த டீச்சருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கும் பசித்திருக்கும்.

காப்பகத்தில் என்னைத் திருத்தியவள் ஒரு பெண் குழந்தை. அப்போது அவளுக்கு மூன்று வயது பத்து மாதம். மற்ற பிள்ளைகள் ஒன்றேகாலுக்குள் தூங்கிவிடுவார்கள். இவள் மின்விசிறியைப் பார்ப்பாள், கால் விரல்களோடு பேசுவாள், பக்கத்துப் பையனின் காதில் ஊதுவாள். நான் அவள் பக்கத்தில் படுத்து, அவள் கால்மேல் என் காலைப் போட்டு, முதுகில் தட்டுவேன். தட்டத் தட்ட என் கை கனமாகிக்கொண்டே போகும். அது தாலாட்டும் கையில்லை. இரண்டு மணிவாக்கில் அழுது ஓய்ந்து தூங்கிப்போவாள். அப்புறம் மூன்றரை வரை எழுப்ப மாட்டோம்.

ஒருநாள் காலையில் அவள் அம்மா வாசலில் தயங்கி நின்றார். ஜி.எஸ்.டி. சாலையில் ஆறே முக்காலுக்கு அவருடைய கம்பெனி பஸ் வந்துவிடும்.

"அக்கா, அவளை மத்தியானத்துல தூங்க வெக்காதீங்கக்கா. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருக்கா. அவரு படுத்ததும் தூங்கிடுவாரு. நான்தான் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு இருக்கேன். நாலேகாலுக்கு எழுந்திரிக்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தூங்கவைக்காவிட்டால் நாங்கள் எப்போது சாப்பிடுவது? அன்று முழுக்க அந்தக் கோபத்தோடு இருந்தேன். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது: என் ஒன்றரை மணி நேரத்தை அந்தப் பெண்ணின் இரவிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் தூக்கத்தின் பாரம் ஏறும். தூங்கினால் இறங்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சீக்கிரம் ஏறிவிடும், மதியமே இறக்கிவைத்தாக வேண்டும். நான்கு வயதை நெருங்கும்போது சில பிள்ளைகள் அந்தப் பாரத்தை ராத்திரி வரை தாங்கப் பழகிவிடுகிறார்கள். சிலர் மூன்று வயதிலேயே, சிலர் ஐந்து வயதில். அப்படிப் பழகிய பிள்ளையை மூன்றரை வரை தூங்கவைத்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு அதற்கு ஏது தூக்கம்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காப்பகப் பிள்ளைகளைப் பற்றி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்கவைத்த காப்பகங்களின் பிள்ளைகள் இரவில் குறைவாகத் தூங்கினார்கள்.

மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து, என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவள் இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை ஏழு மணி நேரம், மதியம் ஒன்றரை. மொத்தம் எட்டரை. இவ்வளவு பாடுபட்டும் பிள்ளைக்கும் தூக்கம் போதவில்லை.

இன்னொரு அம்மா எனக்கு ஒரு யோசனை சொன்னார்: "கொஞ்சம் சளி மருந்து ஊத்துங்க, நல்லாத் தூங்கும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், நூறு வருடங்களுக்கு முன், கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனதை அந்தக் காலத்து அறிக்கைகள் எழுதிவைத்திருக்கின்றன. பிள்ளையைத் தூங்கவைத்தால்தான் அவர்களுக்குக் கூலி. தூக்கம் வருகிற சளி மருந்து பிள்ளையின் மூச்சையே மந்தமாக்கிவிடலாம். தூங்கவைப்பதற்காக அதை ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று மட்டும் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் செய்தது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியது. இரண்டு வாரம், ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது தூங்கியது, ஐந்து மணிக்கு எப்படியிருந்தது என்று எழுதினேன். பதினான்கு பேர் இருபது நிமிடத்துக்குள் தூங்கினார்கள். தூங்காத நான்கு பேரையும் நான் "அடம்" என்ற ஒரே பெயரில் போட்டுவைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் அவர்கள் ஒரே வகையில்லை. ஒரு பையன் மதியம் தூங்காத நாளெல்லாம் ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்கி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுதான். அவனுக்குத் தூக்கம் வேண்டும், வாசலைப் பார்த்துப் படுத்ததால்தான் வரவில்லை. சுவரோரமாகப் பாயை மாற்றியதும் தூங்கினான். இன்னொருத்திக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மீதி இரண்டு பேர் தூங்காமலே ஐந்து மணிக்கும் தெளிவாக இருந்தார்கள். இவள் அதில் ஒருத்தி.

அந்த இரண்டு பேருக்கும் தூக்கம் வேண்டாம், ஓய்வு வேண்டும். ஆறரையிலிருந்து கூச்சலுக்குள் இருக்கிற உடம்பு அது. அதனால் எல்லோரோடும் இருபத்தைந்து நிமிடம் படுக்க வேண்டும் என்று வைத்தோம். கண்ணை மூடச் சொல்வதில்லை. அதற்குப் பிறகும் விழித்திருந்தால், ஜன்னலோரம் போட்ட பாய்க்கு வரலாம். பாயின் ஓரம்தான் எல்லை. ஒரு கூடை, அதில் ஒரே ஒரு பொருள்.

எந்தப் பொருள் என்பதில்தான் நிறையத் தோற்றேன். முதலில் புளியங்கொட்டை கொடுத்தேன், தட்டில் எண்ணி வைக்க. எவர்சில்வர் தட்டில் கொட்டை விழுந்த சத்தத்தில் நாலு பிள்ளைகள் எழுந்தன. ஒரு கொட்டை உருண்டு, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் பாய்க்கடியில் போயிருந்தது. எழுந்ததும் அது நேராக வாய்க்கோ மூக்குக்கோ போயிருக்கும். அதோடு கொட்டை, மணி, சோழி எல்லாம் நின்றது. மூன்று சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் நுழைகிற எதையும் அந்த நேரத்தில் கூடையில் வைப்பதில்லை. அப்புறம் தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கோலம் போடச் சொன்னேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் கூடமெல்லாம் எறும்பு.

நின்றவை சாதாரணமானவை. சிலேட்டும், பழைய பெயின்ட் பிரஷ்ஷும், மூடியில் இரண்டு கரண்டி தண்ணீரும். பலப்பம் கிரீச்சிடும், தண்ணீர் பேசாது. ஈரத்தில் வரைந்தது கறுப்பாகத் தெரியும், நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், மறுபடி வரையலாம். அழிக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இன்னொரு நாள் துணிப்பை: சீப்பு, மரக்கரண்டி, பீர்க்கங்கூடு, தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு. பைக்குள் கையை விட்டுப் பார்க்காமலே ஜோடி சேர்க்க வேண்டும். பார்க்க முடியாததால் கை மெதுவாகும், கை மெதுவானால் மூச்சும் மெதுவாகும். இன்னொன்று, ஓட்டை போட்ட அட்டையில் ஷூ கயிறு கோர்ப்பது. கயிறு ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கட்டும், கழுத்தைச் சுற்றும் நீளம் வேண்டாம். கைக்குட்டை மடிப்பதும் வைத்திருந்தேன். ஆனால் அதைப் பெண் பிள்ளைக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அடுத்த நாளிலிருந்து அந்தப் பையனும் மடித்தான். அவன்தான் மூலைக்கு மூலை சேர்ப்பான்.

ஒரு வாரம் கழித்து வேறொரு சங்கடம். தூங்குகிற பிள்ளைகளும் கூடைக்காக விழித்திருக்கப் பார்த்தார்கள். கூடை பரிசாகிவிட்டது. அதிலிருந்த வண்ணப் படங்களை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் அயர்ந்த பிறகே கூடையை வெளியே கொண்டுவந்தேன், எடுக்கும்போது பேசுவதில்லை, "சமத்து" என்று பாராட்டுவதுமில்லை. நாலு நாளில் அவர்கள் பழையபடி தூங்கினார்கள். கூடை கொஞ்சம் சலிப்பாக இருப்பதுதான் நல்லது. அந்தப் பையனே சில நாள் பிரஷ்ஷைப் பிடித்தபடி சாய்ந்து தூங்கியிருக்கிறான். அன்று முக்கால் மணி நேரத்தில் எழுப்பிவிடுவோம்.

ஜன்னல் திரையை முழுவதும் மூடுவதை நிறுத்தினோம். தூங்குகிறவர்களின் முகமும் மூச்சும் தெரிகிற வெளிச்சம் வேண்டும். நானும் அக்காவும் மாறி மாறிச் சாப்பிட்டோம், ஒருவர் எப்போதும் கூடத்தில். சேர்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் சாப்பிட்டது போயிற்று. அதை நான் இழப்பாகத்தான் சொல்கிறேன். மூன்றாவதாக ஒரு பெண்ணை மதியத்துக்கு மட்டுமாவது வையுங்கள் என்று கேட்டோம், வைக்கவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தக் குழந்தையின் அம்மா வேலை செய்தது பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில். மதியம் ஒரு மணிக்கு அவர் மகளுக்கு யார் என்ன செய்கிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேரின் பசியைப் பொறுத்திருந்தது.

மூன்றாவது வாரம் அவள் இரவு எட்டே முக்காலுக்குத் தூங்கத் தொடங்கினாள். ஆறு மணி வரை ஒன்பதேகால் மணி நேரம். முன்பைவிட முக்கால் மணி நேரம் கூடுதல், பத்துக்கு இன்னும் குறைவு. பஸ் நேரத்தை எங்கள் கூடையால் மாற்ற முடியாது. முதல் வாரம் மாலையில் சிடுசிடுத்தாள், அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அது நீடித்திருந்தால் மறுபடி தூங்கவைத்திருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "நேத்தும் எட்டே முக்காலுக்கெல்லாம் தூங்கிட்டாக்கா. நான் பாட்டுக்கு உக்காந்து தலைக்கு எண்ணெ வெச்சிக்கிட்டேன்." பஸ் ஹாரன் கேட்டது. ஓடினார்.