சுட்டும் விரலும் முடியாத வாக்கியமும்

எங்கள் ஆசிரியர் குழு மாமல்லபுரம் சென்றபோது வெளிநாட்டு விருந்தினர் இருவரும் உடன் வந்தனர். வழிகாட்டி தமிழில் விளக்கினார். அதை அவ்விருவருக்கும் ஆங்கிலத்தில் சொல்வது என் பொறுப்பாயிற்று.

வாய்மொழியாக மொழிபெயர்க்க இருவழிகள் உண்டு. பேசுபவர் பேசும்போதே, சில சொற்கள் பின்தங்கியபடி உடன் சொல்லிச் செல்வது ஒன்று; இது உடன்நிகழ் முறை. அவர் ஒரு பகுதியைச் சொல்லி நிறுத்தியபின் குறிப்புகளின் துணையோடு சொல்வது மற்றொன்று, இது தொடர்முறை. பிழை நேராது என்றெண்ணி நான் தொடர்முறையையே முதலில் தேர்ந்தேன்.

பெரும்பாறைச் சிற்பத்தின்முன் நின்றோம். முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதனருகே உள்ள எலிகளையும் வழிகாட்டி சுட்டினார். எங்கள் குழுவினர் சிரித்தனர். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியபோது அவர் விரல் பாறைப் பிளவிலுள்ள நாகர்களிடம் சென்றுவிட்டது. விருந்தினர் நாகர்களைப் பார்த்தபடி, "பூனை எங்கே?" என்று வினவினர். கண்ணும் செவியும் வெவ்வேறு இடங்களில் இருந்தன.

உடனே முறையை மாற்றினேன். இருவருக்கும் இடையே சற்றுப் பின்னால் நின்று, மெல்லிய குரலில் உடன்நிகழ் முறையில் சொன்னேன். விரல் சென்ற இடத்திற்கே அவர்கள் பார்வையும் சென்றது. மகிழ்ந்தேன், அது நீடிக்கவில்லை.

"கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் இவரை அர்ச்சுனன் என்று..." என வழிகாட்டி தொடங்கினார். நான், 'இவர் அர்ச்சுனன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவரோ, "...உறுதியாகக் கூற இயலாது, பகீரதன் என்பாரும் உளர்" என்று முடித்தார். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. மறுப்பும் அங்கேயே வருகிறது. ஆங்கிலமோ அதனை எழுவாயை அடுத்தே வேண்டுகிறது. காத்திருந்தால் பின்தங்குவேன், முந்தினால் பிழைபடுவேன். நான் திருத்திச் சொல்வதற்குள், பகீரதன் எனக் கருதுவதற்கு அவர் கூறிய காரணம் என் செவியில் விழாமலே போயிற்று.

ஐந்து இரதங்களுக்குச் செல்லும்முன் வழிகாட்டியிடம், "ஐயா, சிற்பத்தைச் சுட்டும்போது நானும் உடன் சொல்லி வருகிறேன். கதையோ கருத்து வேறுபாடோ வந்தால் மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்துங்கள்" என்றேன். அவர் இசைந்தார். தொடர்முறையில் ஒரே செய்தி இருமுறை சொல்லப்படுவதால் நேரம் ஏறத்தாழ இருமடங்காகும். எனவே, எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. விருந்தினர் பதின்மராக இருந்திருந்தால் என் மெல்லிய குரலும் பயன்பட்டிராது. எல்லாருக்கும் கேட்க உரக்கப் பேசினால் வழிகாட்டியின் குரல் மறைந்துவிடும். அத்தகைய குழுவிற்குச் செவியில் பொருத்தும் கேட்பொறிகள் வேண்டும். அவை இல்லையெனில் தொடர்முறையே வழி.

மாலையில் விருந்தினர் ஒருவரின் குறிப்பேட்டைக் கண்டேன். தவசியின் கோட்டோவியத்தின்கீழ் 'அர்ச்சுனன்' என்று மட்டும் எழுதியிருந்தார். தம் மாணவருக்குக் காட்டப்போவதாகச் சொன்னார். என் திருத்தம் அவர் செவியை எட்டியும் ஏட்டை எட்டவில்லை. நடந்ததைக் கூறினேன். அவர் எழுதுகோலை எடுத்து, அப்பெயரருகே 'அல்லது பகீரதன்' என்று சேர்த்துக்கொண்டார்.