10.2-ஆ, 10.7-ஆ?

ராத்தாட கிளினிக் அட்டையை போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டதும் கட்டார்ல இருக்கிற மச்சான் கேட்டது ஒரே கேள்விதான்: "Hb எண்டு எழுதி வட்டம் போட்டிரிக்கி, அது என்ன?" அந்த இடத்துல அட்டை மடிஞ்சு நிழல் விழுந்திருந்தது. 10.2-ஆ 10.7-ஆ எண்டு விளங்கல்ல. அட்டையை மேசையில விரிச்சு, பிளாஷ் இல்லாம திரும்ப எடுக்கச் சொன்னோம். 10.2.

அந்தப் பாதிப் புள்ளிக்கு இவ்வளவு அலட்டலா எண்டு நினைக்கலாம். ஈமோகுளோபின் வழமையா 11-க்குக் குறைஞ்சால் கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை. ஆனா நடுவுல உள்ள மூணு மாசத்துக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் 10.5 வரை விட்டுக்கொடுக்குது. ராத்தாக்கு அப்ப 27 வாரம். 10.7 எண்டால் கோட்டுக்கு மேல, 10.2 எண்டால் கீழ.

உம்மாக்கு இது ஏறல்ல. "48.5 கிலோவில இருந்து 54.5 ஆகிரிக்கி. ஆறு கிலோ கூடின புள்ளைக்கு ரத்தம் மட்டும் எப்பிடிக் குறையும்?" நியாயமான கேள்விதான். நிறைக் கட்டத்துல ஏறுறது புள்ளை, நச்சுக்கொடி, பன்னீர், உடம்புல சேர்ற தண்ணி, கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு. இரத்தமும் கூடத்தான் செய்யுது. ஆனா அதுல உள்ள தண்ணிப் பங்கு கூடுற அளவுக்கு சிவப்பணு கூடாது. சாயத்துல தண்ணி ஊத்தினா நிறம் வெளுக்கிற மாதிரி எண்டு சொன்னதும் உம்மா தலையாட்டினா. கொஞ்சம் இறங்கிறது எல்லாருக்கும் நடக்கும். அந்த 10.5 சலுகையும் அதுக்காகத்தான். 9 வாரத்துல 11.9 இருந்தது 10.2 வரைக்கும் வந்ததுக்கு தண்ணியை மட்டும் காரணம் சொல்லேலாது.

மருந்தை எப்பிடிக் குடிக்கிற எண்டு ராத்தாட்ட கேட்டோம். இரும்புக் குளிசை, கல்சியம், விற்றமின் சி மூணையும் ராச்சோறு திண்டதும் ஒண்டாப் போட்டு, மேல ஒரு பிளேன்டீ. கல்சியமும் தேயிலைச் சாயமும் இரும்பை உடம்புல சேரவிடாது. குளிசை ஒழுங்காத்தான் போகுது, இரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்த மிட்வைப் மிஸ்ஸும் அதைத்தான் சொன்னா: இரும்பும் விற்றமின் சியும் படுக்கப் போகக்குள்ள வெறும் தண்ணியோட, கல்சியம் பகல் சோத்துக்குப் பிறகு, பிளேன்டீ ரெண்டுக்கும் தூரமா. இரும்பு குடிச்சா மலம் கறுக்கும், அதுக்குப் பயந்து நிப்பாட்டக் கூடாது.

இனி நாலு கிழமையில வாற அடுத்த எண்ணைத்தான் பார்க்கணும். குறைஞ்சது ஒரு புள்ளியாவது ஏறி 11.2 கிட்ட வந்தா, இரும்புக் குறைவுதான் எண்டு நம்பலாம். சரியாக் குடிச்சும் அசையல்ல எண்டால் குளிசையைக் கூட்டிக்கூட்டிப் பிரயோசனமில்ல. தலசீமியாவைக் காவுறவங்களுக்கும் இந்த எண் இப்பிடித்தான் நிக்கும். ஈமோகுளோபினை மட்டும் வெச்சு ரெண்டையும் பிரிக்கேலாது, டொக்டர் வேற இரத்தப் பரிசோதனை எழுதுவார். ராத்தா காவி எண்டு வந்தா மச்சானும் இரத்தம் குடுக்கணும். ரெண்டு பேரும் காவினாத்தான் புள்ளைக்கு நோயாவே வரலாம்.

"அப்ப எனக்குமா?" எண்டு மச்சான் வொய்ஸ் போட்டார்.



ஓம், கட்டாரிலயே செய்யலாம் எண்டு சொல்லி வெச்சிரிக்கோம்.