முகத்தை நோக்கியே போகும் கேமரா

காரைக்காலைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர் ஒரு கட்டத்தில் பழைய புகைப்படங்களிடம் வந்து நின்றாக வேண்டும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க இங்கிருந்து சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. அந்தக் காலத்தைக் காட்ட எஞ்சியிருப்பவற்றில் பெரும்பங்கு ஸ்டுடியோப் படங்கள்: நாற்காலியில் ஒரு கை, பின்னால் தீட்டிய திரை, கேமராவைப் பார்த்து இறுகிய முகம். இவற்றை டைம்லைனில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முகத்தை நோக்கி ஒரு மெதுவான ஜூம் கொடுத்து, அடியில் வீணையை ஓடவிடுவதுதான் வழக்கம். நான்காவது படத்துக்குள் பார்வையாளரின் கண் களைத்துவிடுகிறது. பழியை ஜூம் மேல் போடுகிறார்கள். குற்றம் அதனுடையதில்லை என்பது என் கட்சி. எந்தக் கேள்வியும் கேட்காமல் நகர்கிற கேமராதான் சலிப்பூட்டுகிறது.

இந்த உத்திக்கு கென் பர்ன்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அவருடைய 1990ஆம் ஆண்டுத் தொடர் ‘தி சிவில் வார்’ ஒரு காரணம்; அவர் பெயரையே ஒரு பொத்தானுக்குச் சூட்டிய ஆப்பிளின் ஐமூவி இன்னொரு காரணம். ஆனால் தனக்கு வழிகாட்டியதாக அவரே சொல்வது 1957இல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ படத்தை. காலின் லோ, உல்ஃப் கோனிக் இருவரும் இயக்கியது. தங்கம் தேடி டாசன் நகரத்துக்கு ஓடியவர்களைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்த பழைய படங்கள்தாம் அதன் உயிர். படத்தின் மேல் கேமரா எப்படிப் போக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு வகுக்க ரோமன் க்ரோய்ட்டர் தனியாக ஒரு கருவியே செய்து கொடுத்தார். தோளில் கேமராவைச் சுமந்தவன் ஒரு கூட்டத்தை எப்படிப் பார்ப்பானோ, அப்படியே அதில் கேமரா படத்தைப் பார்க்கிறது: ஓரிடத்தில் தயங்குகிறது, ஒருவனைக் கவனிக்கிறது, பிறகு நகர்கிறது. பொத்தானுக்கு இந்தத் தயக்கம் தெரியாது. அது எல்லாப் படத்தையும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி அணுகும்.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். சீருடையில் நிற்கும் ஓர் இளைஞன். நான்கு அங்குல அகலம், ஐந்தரை அங்குல உயரமுள்ள அச்சு. பக்கத்தில் நாற்காலி, அதில் அவன் விரல்கள். இது நின்ற படம், திரையோ கிடந்த வடிவம். படத்தின் அகலம் திரையை நிரப்பினால் உயரத்தில் இரண்டே கால் அங்குலம்தான் ஒரு நேரத்தில் தெரியும்; பாதிகூட இல்லை. அதாவது இந்தப் படத்தை மேலும் கீழுமாக நகர்த்தித்தான் படித்தாக வேண்டும். கேள்வி, எங்கே தொடங்குவது என்பது. முகத்தில் தொடங்கிக் காலுக்குப் போனால் ஆள் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும். மீதி வெறும் துணி. காலில் தொடங்கி மேலே போனால் கதை வேறு: முதலில் புதுப் பூட்ஸ், பிறகு அளவு சற்றுப் பெரிதான சட்டை, நாற்காலியை இறுகப் பிடித்த விரல்கள், கடைசியாக மீசை முளைக்காத முகம். சீருடைக்குள் இருப்பவன் சிறுவன் என்பது முகம் வரும்போதுதான் தெரிய வேண்டும். தொடக்கத்தில் தெரியாத ஒன்று முடிவில் தெரிந்திருக்கிறதா? இல்லையென்றால் அந்த நகர்வு வேண்டாம். கணக்கும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் நான்கு அங்குலம் 4800 பிக்சல் ஆகும். 1920 பிக்சல் அகலத் திரைக்கு, தெளிவு கெடாமல் 1.6 அங்குலம் வரை நெருங்கலாம். அதற்குமேல் போனால் விரல்கள் விரல்களாக இருக்காது, மாவுபோலக் கரையும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த கோப்பு என்றால் முழு அகலத்துக்கே பிக்சல் போதாது. தூரத்து உறவினர் போனில் எடுத்து அனுப்பிய படத்தை வைத்து நெருங்க ஆசைப்படுவதன் கதி இதுதான்.

வேகத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மெதுவாகப் போனால் கண்ணியமாக இருக்கும் என்ற நினைப்பு. பத்து விநாடியில் 100இலிருந்து 104 சதவீதத்துக்கு ஜூம் செய்தால் திரையின் ஓரத்தில் உள்ள புள்ளிகூட விநாடிக்கு நான்கு பிக்சல் நகராது. 25 ஃப்ரேமில் பங்கிட்டால் ஒரு ஃப்ரேமுக்குப் பிக்சலில் ஆறில் ஒரு பங்கு. சேலைக் கரை, நாற்காலிப் பிரம்பு போன்ற நுண்கோடுகள் அப்போது நகராமல் மினுங்கி நெளியும். புத்தகத்தில் அச்சான படமென்றால் அச்சுப் புள்ளிகளே கொப்புளிக்கத் தொடங்கும். மறுபக்கம், 100இலிருந்து 200 சதவீதத்துக்குப் பத்து விநாடியில் சீராகக் கூட்டினால் அது சீராகத் தெரியாது. முதல் விநாடியில் படம் பத்து சதவீதம் வளர்கிறது. கடைசி விநாடியில் 190இலிருந்து 200, அதாவது ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். பாதிக்குப் பிறகு கேமரா மூச்சு வாங்குவதுபோல் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு விநாடியும் முந்தைய அளவில் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடினால்தான் கண்ணுக்குச் சீராகப்படும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Exponential Scale என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது; தேடிப் போகிறவர்கள் குறைவு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்தக் காலத்தில் தட்டையான படத்தை யார் நகர்த்துகிறார்கள், ஆளை வெட்டியெடுத்துப் பின்னணியைத் தனியாக ஓடவிட்டால் ஆழம் வந்துவிடுமே என்பார்கள். அகன்ற தெருவையோ கப்பல் துறையையோ காட்டும் படத்துக்கு அது சில சமயம் பொருந்தும். ஸ்டுடியோப் படத்துக்கு அது பொய். அந்தத் தூண்களும் தோட்டமும் ஆளுக்கு மூன்றடி பின்னால் தொங்கும் ஒரே துணியில் தீட்டியவை. வெட்டியெடுத்தவுடன் அந்தத் தோட்டம் நிஜத் தோட்டமாக விலகிப் போகிறது. ஓவியர் செய்ய முனைந்த மயக்கத்தை நாம் ஒரு கணினியைக் கொண்டு முடித்துவைக்கிறோம். அந்த ஆள் சைகோன் போவதற்கு முன்போ வந்த பின்போ ஐரோப்பிய மாளிகை தீட்டிய துணிக்கு முன்னால் நிற்கத் தேர்ந்தார் என்பது வரலாறு. துணியின் மடிப்பும் தரையைத் தொடுமிடத்தில் அதன் சுருக்கமும் அதற்குச் சாட்சி. வெட்டும்போது முதலில் அழிவது அந்தச் சுருக்கம்தான். காலடி நிழலும் கூடவே பிய்ந்து, ஆள் தரையை விட்டு அரை அங்குலம் மிதப்பார்.

எதிர்ப்பக்கத்து வாதம் இதைவிடக் கனமானது: படத்தை நகர்த்துவதே தவறு, வெட்டிக் காட்டுவது திரிப்பு, முழுப் படத்தை வைத்துவிட்டு ஒதுங்கு. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டமும் சேர்ந்து எண்மப்படுத்தியதுபோன்ற முயற்சிகளில் படம் ஒரு பொருளாகவே மதிக்கப்படுவதைப் பார்த்தால் இந்த வாதத்தில் நியாயம் தெரியும். அட்டை, ஸ்டுடியோ முத்திரை, கிழிந்த மூலை, பின்பக்கத்துக் கையெழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் படம். ஆனால் ஐந்தரை அங்குல அச்சை நாம் கையில் வைத்துப் பார்க்கும்போதும் கண் முழுதாக ஒரே சமயத்தில் பார்ப்பதில்லை. முகம், கை, தரை என்று தாவித் தாவித்தான் படிக்கிறது. கேமரா செய்வது அந்தத் தாவலில் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே. அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: நகர்வு முடிந்த இடத்தில் ஒரு கட் வைத்து, முழுப் படத்தையும் அட்டை ஓரத்தோடு, நாலு பக்கமும் கறுப்பு விட்டு, அசையாமல் ஆறு விநாடி வைக்கலாம். வீணையும் அந்த ஆறு விநாடி சும்மா இருக்கட்டும். பத்து நகர்வுகளில் நான்கைந்தை இப்படி அசையாப் படங்களுக்கு விட்டுக்கொடுத்தால் மிச்சம் இருப்பவற்றை யாரும் பொத்தான் வேலை என்று சொல்லமாட்டார்கள். அந்தச் சிறுவனின் படத்தில் பின்பக்கத்தில் ஏதேனும் எழுதியிருந்தால் அடுத்த கட் அங்கே போகலாம். கோணல் மாணலாக எழுதிய பெயரும் ஊரும் தாமாகவே படிக்க வரும். அதற்கு ஜூம் தேவையில்லை.