நன்னூலும் ஒரு "நனக்கு"வும்

தந்தையாருக்கு மாற்றல் ஆனதால் பெங்களூரிலிருந்து எங்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள் ஒரு மாணவி. வீட்டில் கன்னடம் பேசுபவள். முதல் நாள் தமிழ் வகுப்பில் எழுந்து நின்று, "அம்மா, நனக்குப் புத்தகம் கிடைக்கவில்லை" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். இடைவேளையிலும் "நனக்கு, நனக்கு" என்று அவளைச் சுற்றி வந்தோம். அதன்பின் இரண்டு வாரம் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இது எப்படியோ எங்கள் தமிழம்மாவின் காதுக்கு எட்டியது. அவர்கள் கோபிக்கவில்லை. கரும்பலகையில் 'தான்', 'நாம்' என்று எழுதி, 'ஐ' சேர்க்கச் சொன்னார்கள். தன்னை, நம்மை என்றோம். நெடில் குறிலாகிறது, அவ்வளவுதான். "அப்படியானால் 'நான்' என்பதோடு?" என்றார்கள். விதிப்படி 'நன்னை' என்றுதான் வரவேண்டும்! வகுப்பு அமைதியாயிற்று.

பிறகு விளக்கினார்கள். 'என்' என்பது 'நான்' குறுகி வந்ததன்று. 'யான்' திரிந்து வந்தது. பவணந்தி முனிவரும் நன்னூலில், வேற்றுமை ஏற்கும்போது யான் 'என்' ஆகும், யாம் 'எம்' ஆகும் என்றே விதித்தார். பின்னாளில் 'நாம்' என்பதைப் பார்த்து 'நான்' எழுந்து, யானின் இருக்கையில் அமர்ந்துகொண்டது. உருபேற்கும் வடிவம் மட்டும் பழையபடியே நின்றது. 'நாங்கள்', 'எங்கள்' கதையும் இதுவே. 'எங்கள்' என்பதற்கு உரிய சொல் 'யாங்கள்'. இந்தக் கட்டுரை முழுவதும் நாங்கள் எழுதிவரும் சொல்லே இப்படிப்பட்டது!

கன்னடத்திலும் முன்பு 'ஆன்', 'என்' என்றே இருந்ததாம். அங்கே 'நானு' வந்ததும் மற்ற வடிவங்களும் அதற்கேற்ப 'நன்ன', 'நனகெ' என்று மாறிவிட்டன. அதைக் கேட்டதும் அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "எங்கள் பாட்டி பாடும் பசவண்ணரின் வசனங்களில் 'என்ன', 'எனகெ' என்றுதான் வரும் அம்மா. அது ஏன் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது" என்றாள். 'எனக்கு' என்று அவள் சரியாகச் சொன்னதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம்.

அன்றே இன்னொன்றும் கற்றோம். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும். கண்ணை, என்னை, என்னால் என்பன போல. ஆனால் நான்காம் வேற்றுமையிலும் ஆறாம் வேற்றுமையிலும் இந்தப் பெயர்களுக்கு இரட்டிப்பு இல்லை. 'கு' உருபுக்கு முன் ஓர் அகரம் வந்து 'எனக்கு' ஆகும்; 'அது' சேர்ந்தால் 'எனது'. 'என்னது' என்று எழுதுவது பிழை. (வீட்டில் வியப்போடு கேட்கும் "என்னது?" வேறு.)

அடுத்த மாதத் தேர்வில் 'என் + அது' சேர்த்தெழுதும் வினா வந்தது. எங்களில் ஏழு பேர் 'என்னது' என்று எழுதி மதிப்பெண் இழந்தோம். அவள் 'எனது' என்று எழுதியிருந்தாள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.